லாக் ‘200’ என்கிறது, ஒருவருக்கும் மெசேஜ் போகவில்லை: கிரெடிட் தீர்ந்து சத்தமில்லாமல் நின்ற நினைவூட்டல் சேவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் மருத்துவமனை. மறுநாள் வர வேண்டியவர்களுக்கு முந்தின நாள் மாலை 6 மணிக்கு எஸ்எம்எஸ் போகும். ஞாயிறு விடுமுறை என்பதால் சனிக்கிழமை மாலை மட்டும் ஓடாது. பில் போடும் மேசைக்குக் கீழே ஒரு பழைய லினக்ஸ் பெட்டி, அதில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், அதைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்ட ஒரு க்ரான் வரி, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தது நான். கொடுத்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவன், ஒரு வருடத்துக்கு மேல் அதை மறந்தே போனேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் வரவேற்பில் இருக்கும் அக்கா போன் செய்தார். “தம்பி, பத்து நாளா பாதிப் பேர் வரவே இல்ல. ஆயுத பூஜை லீவுன்னு நெனச்சு விட்டுட்டேன். இன்னிக்கு நெல்லிக்குப்பத்துலேருந்து ஒருத்தர் வந்து, மெசேஜே வரல, கேன்சல் பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்னு சொல்றார்.”

காரணம் கடைசியில் சின்னதுதான். முன்பணம் கட்டி வாங்கிய எஸ்எம்எஸ் கிரெடிட் தீர்ந்திருந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது, வழியில் இரண்டு முறை தவறான முடிவுக்கும் வந்தேன். உங்கள் கண்ணில் படுவது எந்த அறிகுறியோ, அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

அறிகுறி: லாக்கில் எல்லாம் சரி, கையில் மெசேஜ் இல்லை

முதலில் ஸ்கிரிப்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் கடலூரில் எதற்கும் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான் விழும், எனக்கும் அப்படித்தான். எங்கள் க்ரான் வரி இது:

```
0 18 * * 0-5 /usr/bin/python3 /opt/reminder/send.py >> /var/log/reminder.log 2>&1
```

லாக் கோப்பில் மாலை 6 மணிக்கான வரிகளே இல்லை என்றால், பெட்டி அணைந்திருந்தது அல்லது க்ரான் ஓடவில்லை. அது வேறு வழக்கு, கிரெடிட்டைத் தேட வேண்டாம். எங்கள் லாக்கில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. அதிலும் எல்லா வரிகளும் அழகாக இருந்தன:

```
18:00:19 row=16 http=200
18:00:20 row=17 http=200
18:00:21 row=18 http=200
```

இங்கேதான் முதல் தடுமாற்றம். 200 என்பதைப் பார்த்ததும் மெசேஜ் போய்விட்டது என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. அது சொல்வது அதுவல்ல. கடைக்குப் போன் செய்தோம், கடைக்காரர் எடுத்துப் பேசினார் என்பதுதான் 200. “சரக்கு இல்லை” என்று சொல்வதற்காகவும் அவர் போனை எடுக்கலாம். பல எஸ்எம்எஸ் சேவைகள் இப்படித்தான்: கணக்கில் கிரெடிட் இல்லை என்றாலும் எண் 200-ஆகவே திரும்பும், பிழை மட்டும் பதிலின் உள்ளே இருக்கும். என் ஸ்கிரிப்ட் எண்ணை மட்டும் பார்த்தது, பதிலைப் பிரித்துப் படிக்கவே இல்லை.

ஆகவே ஸ்கிரிப்டை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் சொந்த எண்ணுக்கு ஒரு மெசேஜைக் கையால் அனுப்பிப் பதிலை முழுசாகப் பாருங்கள். புலங்களின் பெயர்கள் சேவைக்குச் சேவை மாறும். அங்கீகாரச் சாவி, டெம்ப்ளேட் எண் போன்றவற்றை உங்கள் சேவை கேட்கிறபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

```
curl -sS -i -X POST "$SMS_URL" \
  --data-urlencode "to=$MY_NUMBER" \
  --data-urlencode "text@tamil.txt"
```

`-i` போட்டால் தலைப்பும் பதிலும் சேர்ந்து திரையில் வரும். கிரெடிட் தீர்ந்திருந்தால் பதில் ஏறக்குறைய இந்த மாதிரி இருக்கும்:

```
HTTP/1.1 200 OK

{"status":"error","message":"insufficient credits"}
```

இந்த வரி கிடைத்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது. ஆனால் `tamil.txt` என்று நான் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். முதல் முறை நான் அனுப்பியது தமிழ் மெசேஜ் இல்லை. அதனால்தான் பாதிப் பகல் போயிற்று.

அறிகுறி: டெஸ்ட் மெசேஜ் வருகிறது, மற்றவர்களுக்கு வருவதில்லை

இந்த அறிகுறியில்தான் நான் ஏமாந்தேன். புதுச்சேரியில் உட்கார்ந்தபடி மருத்துவமனைப் பெட்டிக்குள் நுழைந்து, ஏற்கெனவே அங்கே கிடந்த ஒரு பழைய சோதனைக் கட்டளையை ஓட்டினேன். அது பழைய ஆங்கில டெம்ப்ளேட். இரண்டு விநாடியில் என் போன் ஒலித்தது. “சர்வீஸ் ஓடுதுக்கா, பேஷண்டுங்க போன்லதான் ஏதோ பிரச்சினை” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து, சும்மா ஒருமுறை பார்க்கலாம் என்று அதே கட்டளையை மறுபடி ஓட்டினேன். இந்த முறை வரவில்லை.

நடந்தது இதுதான். கணக்கில் சரியாக ஒரே ஒரு கிரெடிட் மிச்சம் இருந்திருக்கிறது. ஆங்கில மெசேஜுக்கு ஒன்று போதும், தமிழ் மெசேஜுக்கு இரண்டு வேண்டும். பதினோரு நாளாக ஒவ்வொரு தமிழ் மெசேஜும் அந்த ஒற்றைக் கிரெடிட்டின் முன்னால் போய் நின்று திரும்பிக்கொண்டிருந்தது. நான் அனுப்பிய ஆங்கில டெஸ்ட் வந்து அதைத் தின்றுவிட்டுப் போயிற்று.

இதைப் புரிந்துகொள்ள எழுத்துக் கணக்கு தெரிய வேண்டும். வெறும் ஆங்கில எழுத்துகளில் உள்ள எஸ்எம்எஸ் 160 எழுத்து வரை ஒரு கிரெடிட். ஒரே ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்தாலும் முழு மெசேஜும் யூனிகோடு கணக்குக்கு மாறிவிடும், அப்போது எல்லை 70. எழுபதைத் தாண்டினால் மெசேஜ் துண்டுகளாகப் பிரியும், ஒரு துண்டுக்கு 67 எழுத்துதான். துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டுமே, அதற்காக மூன்று குறைகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கிரெடிட்.

அந்த 70 நம் கண் எண்ணும் 70 அல்ல என்பதுதான் வம்பு. ‘சிகிச்சை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு நாலு எழுத்து: சி, கி, ச், சை. கணினிக்கு எட்டு. ச ஒன்று, அதன் மேல் இகரக் குறி ஒன்று, க ஒன்று, அதன் இகரக் குறி ஒன்று, ச ஒன்று, புள்ளி ஒன்று, மறுபடி ச ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. புள்ளிக்கும் காசு.

எங்கள் மெசேஜின் உடல் இது:

நாளை மாலை 5:30 மணிக்கு உங்கள் பல் சிகிச்சை. வர இயலாவிட்டால் இன்றே தெரிவிக்கவும்.

இடைவெளியும் நிறுத்தற்குறியும் சேர்த்துக் கண்ணால் எண்ணினால் 53. எழுபதுக்குள் சௌகரியமாக அடங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். பைத்தானிடம் கேளுங்கள்:

```python
t = "நாளை மாலை 5:30 மணிக்கு உங்கள் பல் சிகிச்சை. வர இயலாவிட்டால் இன்றே தெரிவிக்கவும்."
print(len(t))   # 80
```

80. மருத்துவமனைப் பெயர் சேர்வதற்கு முன்பே இரண்டு கிரெடிட். பெயர் சேர்ந்த பிறகும் 134-க்குள் இருந்ததால் மூன்றாகாமல் தப்பித்தது.

இப்போது பணக் கணக்கு. ஏப்ரல் தொடக்கத்தில் 10,000 கிரெடிட் வாங்கினார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 40 மெசேஜ், மாதம் 26 நாள், ஆக மாதத்துக்கு 1,040. ஒன்பது மாதத்துக்கு மேல் வரும், பொங்கல் சமயத்தில் அடுத்த ரீசார்ஜ் என்று அக்கா காலண்டரிலேயே எழுதி வைத்திருந்தார். கணக்கு சரிதான். ஆனால் ஜூனில், ஆங்கிலம் பலருக்குப் புரியவில்லை என்று டாக்டர் சொல்ல, தமிழுக்கு மாற்றினார்கள். அதுவும் நல்ல முடிவுதான், இன்றைக்கும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் போனது 2,080. ஜூனிலிருந்து ஒரே மாதத்துக்கு 2,080. ஆகஸ்ட் முடிவில் மிச்சம் 1,680, அதாவது இருபத்தொரு வேலை நாள். செப்டம்பர் நாலாவது வாரத்தில் தீர்ந்துவிட்டது. காலண்டரில் பொங்கல் அப்படியே இருந்தது.

ஆகவே டெஸ்ட் அனுப்பினால், உண்மையில் போகிற அதே டெம்ப்ளேட்டில், அதே மொழியில், இரண்டு முறை அனுப்புங்கள். ‘ஹலோ’ என்று எதையாவது தட்டி அனுப்பிப் பார்ப்பது இந்தியாவில் எதையும் நிரூபிக்காது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிமுறையின்படி வணிக எஸ்எம்எஸ் எல்லாம், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட்டோடு பொருந்த வேண்டும். பொருந்தாததை வழியிலேயே நிறுத்திவிடுவார்கள், நீங்கள் கிரெடிட்டைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

அறிகுறி: பட்டியலில் பாதிப் பேருக்கு மட்டும் வந்தது

இது தீர்ந்த அன்றைக்கு மட்டும் தெரியும் அறிகுறி. அன்றே பிடித்தால் பதினோரு நாள் மிச்சம். போன் அணைந்திருப்பது, எண் மாறியது மாதிரியான சாதாரணக் கோளாறுகள் பட்டியல் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். கிரெடிட் தீர்வது கத்தியால் வெட்டியது போல ஓரிடத்தில் நிற்கும். எங்கள் பட்டியல் நேர வரிசையில் ஓடுவது. பிறகு சேவையின் டாஷ்போர்டில் எடுத்துப் பார்த்தபோது அன்றைக்கு 38 பேரில் முதல் 17 பேருக்குப் போயிருந்தது, பதினெட்டாவதிலிருந்து ஒன்றுமில்லை. காலையில் வருபவர்கள் எல்லோரும் வந்தார்கள், மாலைக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. அக்காவுக்கு அது மழையாகத் தெரிந்திருக்கிறது.

அறிகுறி: கிரெடிட் இருக்கிறது, ஆனாலும் போகவில்லை

பதிலில் மெசேஜ் ஐடி வந்ததா என்று பாருங்கள். ஐடி வந்திருந்தால் சேவை உங்கள் மெசேஜை ஏற்றுக்கொண்டுவிட்டது, சிக்கல் அதற்கு அப்பால்: டெம்ப்ளேட் பொருந்தாமை, தவறான எண் என்று டெலிவரி ரிப்போர்ட்டில் காரணம் இருக்கும். ஐடியே இல்லை என்றால் வாசலையே தாண்டவில்லை. டாஷ்போர்டில் பெரிய எண்ணைக் காட்டினாலும் அது எந்தப் பையில் இருக்கிறது என்று பாருங்கள். விளம்பர மெசேஜுக்கும் சேவை மெசேஜுக்கும் தனித்தனிப் பேலன்ஸ் வைக்கும் நிறுவனங்கள் உண்டு. பேக்குக்குச் செல்லுபடித் தேதி வைப்பவர்களும் உண்டு, தேதி தாண்டினால் கிரெடிட் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ரீசார்ஜ் செய்த பிறகு

கிரெடிட் 20 பைசா என்று வைத்துக்கொண்டால் 10,000 கிரெடிட்டுக்கு 2,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 360 ரூபாய். 2,000 மட்டும் கட்டிவிட்டு, கிரெடிட் குறைகிறதே என்று சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பணம் கட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டாவது தவறு இங்கே. என் ஸ்கிரிப்ட் 200-ஐப் பார்த்து, போகாத மெசேஜை எல்லாம் ‘அனுப்பியாயிற்று’ என்று தரவுத்தளத்தில் குறித்து வைத்திருந்தது. அன்று ரீசார்ஜ் முடியும்போது இரவு ஏழு மணி தாண்டிவிட்டது, மறுநாளுக்கான பட்டியல் 6 மணிக்கே வீணாக ஓடி முடிந்திருந்தது. அந்தக் குறிகளை அழித்துத் திரும்ப ஓட்ட வேண்டும். இரவாகிவிட்டதே, காலையில் பார்ப்போம் என்று விட்டுவிட்டு, மறுநாள் பத்து மணிக்குக் குறிகளை நீக்கி அனுப்பினேன். மெசேஜ் ஒழுங்காகப் போயிற்று. என்ன போயிற்று என்றால், “நாளை மாலை 5:30 மணிக்கு”. அன்றைக்கு வர வேண்டியவர்களுக்கு, அன்று காலையில், ‘நாளை’ என்று. அக்கா உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டுத் திருத்தினார். அப்படியும் பண்ருட்டியிலிருந்து ஒருவர் மறுநாள்தான் வந்தார், அவர் வந்ததில் தப்பே இல்லை.

ஆகவே மாலை 6 மணிக்கு முன் ரீசார்ஜ் ஆனால் எதையும் தொடாதீர்கள், அன்றைய பட்டியல் தானாகப் போகும். 6 மணிக்குப் பிறகு ஆனால் அன்றிரவே, மறுநாளுக்கான வரிகளை மட்டும் திறந்துவிட்டு, ஸ்கிரிப்டை ஒருமுறை கையால் ஓட்டுங்கள். எங்களுடையது எஸ்கியூலைட்:

```sql
UPDATE reminders SET sent = 0
WHERE sent = 1
  AND date(appt_at) = date('now', 'localtime', '+1 day');
```

அன்றைக்கே வர வேண்டியவர்களை மெசேஜில் பிடிக்க முயலாதீர்கள், போன்தான். கடந்த நாள்களின் வரிகளை ஒருபோதும் திறக்காதீர்கள். தேதி நிபந்தனை இல்லாமல் அந்தக் கட்டளையை ஓட்டினால், பதினோரு நாள் மெசேஜோடு, அதற்கு முன் ஒழுங்காகப் போனவையும் ஒரே மூச்சில் கிளம்பிப் புதுக் கிரெடிட்டையும் தின்றுவிடும். டெம்ப்ளேட்டில் ‘நாளை’ என்று இருந்ததைப் பிற்பாடு தேதி வரும்படி மாற்றினோம். மாற்றிய டெம்ப்ளேட்டுக்கு டிஎல்டியில் புது ஒப்புதல் வேண்டும், அது வரும்வரை பழையது ஓட வேண்டும், இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது.

மறுபடி நின்றால் சத்தம் கேட்க

சேவை நிறுவனம் எச்சரிக்கவே இல்லையா என்று கோபமாகத் தேடினேன். எச்சரித்திருந்தது, மூன்று முறை. கணக்கு தொடங்கியபோது நான் கொடுத்த என் பழைய மின்னஞ்சலுக்கு, நான் திறந்தே பல மாதமான பெட்டிக்கு. டாஷ்போர்டில் அறிவிப்பு யாருக்குப் போகிறது என்பதை இன்றே பாருங்கள். அங்கே இருக்க வேண்டியது பணம் கட்டுகிறவரின் முகவரி, ஸ்கிரிப்ட் எழுதியவருடையது அல்ல.

ஸ்கிரிப்டில் முக்கியமான திருத்தம் இவ்வளவுதான். முன்பு:

```python
if r.status_code == 200:
    mark_sent(row)
```

இப்போது:

```python
try:
    body = r.json()
except ValueError:
    body = {}
if body.get("status") == "success" and body.get("message_id"):
    mark_sent(row, body["message_id"])
else:
    failed += 1
    log.error("row=%s http=%s body=%s", row, r.status_code, r.text[:200])
```

மெசேஜ் ஐடி கைக்கு வராமல் எதையும் ‘அனுப்பியாயிற்று’ என்று குறிக்காது. பதிலின் முதல் 200 எழுத்து லாக்கில் இருக்கும், அடுத்த முறை ஒரு பகல் தேட வேண்டாம். சேவையைக் கூப்பிடும் இணைய முகவரியை லாக்கில் எழுதாதீர்கள், சில சேவைகளில் சாவி அதற்குள்ளேயே இருக்கும்.

பேலன்ஸ் எச்சரிக்கையை ‘500 கிரெடிட்டுக்குக் கீழே’ என்று வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் 500 என்பது பன்னிரண்டு நாள், தமிழில் ஆறு நாள். எங்களைக் கவிழ்த்ததே அந்த வித்தியாசம்தான். முன்பதிவாகியிருக்கும் மெசேஜ்களின் துண்டுகளை எண்ணி, இருப்பது எத்தனை நாளுக்கு வரும் என்று கணக்கிட வேண்டும். பத்து நாளுக்குக் கீழே போனால் எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கையை அதே கணக்கிலிருந்து எஸ்எம்எஸ்ஸாக அனுப்பாதீர்கள். சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் முதலில் என் கை அதைத்தான் எழுதியது. எங்களுடையது டெலிகிராமில் போகிறது. பிழை வந்தால் மட்டும் அல்ல, தினமும் 6:20-க்கு ஒரு வரி அக்காவின் போனுக்கு வரும்: ‘38/38 போயிற்று, மீதி 9,240, 115 நாளுக்கு வரும்’. வராவிட்டால் என்னைக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு.

போன வியாழக்கிழமை 6:40-க்கு அக்கா கூப்பிட்டார். “தம்பி, வரி வரல.” பெட்டிக்குள் நுழையப் பார்த்தேன், எட்டவில்லை. “கரண்ட் இருக்காக்கா?” என்றேன். “ஆமா, அது அஞ்சே முக்காலுக்கே போயிடுச்சு” என்றார். ஏழு மணிக்கு வந்ததும் கையால் ஓட்டிவிட்டேன்.